ஷெட்யூல் போட்ட வீடியோவில் இசை காப்பிரைட் சிக்கல்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்வது எப்படி

வீடியோவை ஏற்றியாயிற்று, சோதனையில் பச்சை டிக் வந்தாயிற்று, வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு வெளியாகும்படி நேரமும் குறித்தாயிற்று. வியாழன் இரவு எதற்கோ யூடியூப் ஸ்டுடியோவைத் திறந்தால், அந்த வீடியோவின் வரிசையில் Copyright என்று ஒரு சொல் நிற்கிறது. இதைப் பார்த்ததும் பலர் செய்யும் முதல் காரியம் வீடியோவை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவது. பெரும்பாலும் அதுதான் தவறான முடிவு. இணைப்பு மாறிவிடும், முன்பே யாருக்காவது அனுப்பியிருந்தால் அது செத்துப்போகும், அதே பாட்டு அதே இடத்தில் மறுபடியும் பிடிபடும். வந்த அறிவிப்பு என்ன சொன்னது என்பதற்கும் கையில் ஆதாரம் இருக்காது.

இதில் நான் முக்கியமாக யூடியூப்பைத்தான் வைத்துச் சொல்கிறேன். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பற்றிய வேறுபாடு மியூட் பகுதியில் வரும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். வந்திருப்பது க்ளெய்மா, டேக்டவுனா? க்ளெய்ம் என்பது பெரும்பாலும் கன்டென்ட் ஐடி என்ற தானியங்கி முறை உங்கள் ஒலியை உரிமையாளர்கள் கொடுத்துவைத்த மாதிரிக் கோப்புகளோடு ஒப்பிட்டுப் பிடிப்பது. அதனால் சேனலுக்கு ஸ்ட்ரைக் என்ற தண்டனைக் குறி விழாது. விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகலாம், சில நாடுகளில் வீடியோ தடைபடலாம், அல்லது அவர் பார்வை எண்ணிக்கையை மட்டும் கவனித்துக்கொண்டிருக்கலாம். டேக்டவுன் வேறு ரகம். உரிமையாளர் சட்டப்படி எழுதிக்கொடுத்த நீக்கக் கோரிக்கை அது. அது ஏற்கப்பட்டால் வீடியோ போய்விடும், ஸ்ட்ரைக்கும் விழும். இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல. ஒன்றுக்குச் செய்வதை மற்றதற்குச் செய்தால் நிலைமை மோசமாகும்.

அறிகுறி 1: ஏற்றும்போது சுத்தமாக இருந்தது, வெளியாவதற்கு முன் குறி விழுந்தது

ஏற்றும்போது நடக்கும் சோதனை அந்த நிமிடத்துக்கு மட்டுமே உண்மை. அதற்குப் பிறகு ஒரு உரிமையாளர் புதிய பாடலை மாதிரிக் கோப்பாகச் சேர்த்தால், பழைய வீடியோக்களும் அதோடு ஒப்பிடப்படும். யாராவது கையால் க்ளெய்ம் போடவும் முடியும். வீடியோ இன்னும் வெளியாகவில்லை, பிரைவேட்டாகத்தானே இருக்கிறது என்பதெல்லாம் இதற்குக் காப்பு இல்லை.

ஸ்டுடியோவின் Content பக்கத்தில் Restrictions என்ற பத்தியில் சுட்டியை வைத்து, See details திறந்துபாருங்கள். அங்கே நான்கு விஷயங்களைப் படிக்க வேண்டும்: எந்தப் பாடல், யார் உரிமை கோருகிறார், எத்தனையாவது நிமிடத்திலிருந்து எதுவரை, வீடியோவுக்கு என்ன விளைவு. நான்காவதுதான் உங்கள் அடுத்த நகர்வைத் தீர்மானிக்கிறது. விளைவு வருமானம் பற்றியது மட்டும் என்றால் குறித்த நேரத்தைத் தொட வேண்டியதில்லை, வீடியோ போகட்டும். தடை என்றால், எந்தெந்த நாடுகள் என்று பார்த்து, உங்கள் பார்வையாளர்கள் அதில் இருந்தால் வெளியீட்டைத் தள்ளிவையுங்கள். நேரத்தை மாற்றுவது இலவசம். தடைபட்ட வீடியோவுக்கு ஆட்களை அழைத்துவந்து நிறுத்துவதற்கு விலை உண்டு.

ஒரே பாட்டுக்கு இரண்டு க்ளெய்ம் இருப்பதும் உண்டு. ஒலிப்பதிவின் உரிமை ஒருவரிடம் இருக்கும், மெட்டின் உரிமை இன்னொருவரிடம் இருக்கும். நீங்களே பாடி நீங்களே வாசித்த பாட்டுக்கும் க்ளெய்ம் வருவது இதனால்தான். பதிவு உங்களுடையது, மெட்டு உங்களுடையது இல்லை.

பாட்டு உண்மையிலேயே உங்களுக்கு உரிமை இல்லாததுதான் என்றால் வாதாடாதீர்கள், எடுத்துவிடுங்கள். Select action என்பதன் கீழே அந்தப் பகுதியை வெட்டலாம், பாட்டை மாற்றலாம், பாட்டை மட்டும் அழித்துப் பேச்சை விட்டுவைக்கும்படி கேட்கலாம். இசையும் பேச்சும் நன்றாகக் கலந்துகிடந்தால் கடைசி வழி எப்போதும் கைகொடுக்காது. அப்போது அந்தப் பகுதியில் மொத்த ஒலியையும் நிறுத்த வேண்டியிருக்கும். இந்த மூன்றிலும் இணைப்பு மாறாது என்பதுதான் லாபம். ஆனால் திருத்தம் முடியச் சில மணி நேரம் பிடிக்கலாம், முடியும்வரை பழைய வடிவம்தான் இருக்கும். ஆகவே வெளியாக ஒரு மணி நேரம் இருக்கையில் இதைத் தொடங்குவதில் பயனில்லை. முதலில் நேரத்தைத் தள்ளிவையுங்கள், அப்புறம் திருத்துங்கள்.

அறிகுறி 2: நேரத்துக்கு வெளியானது, ஆனால் சிலருக்கு ஓடவில்லை

உங்கள் கணக்கில் திறந்தால் நன்றாக ஓடும், இன்னொருவர் அனுப்பும் படத்தில் வீடியோ கிடைக்கவில்லை என்றிருக்கும். நாடு வாரியான தடை இது. உங்கள் கண்ணால் பார்த்து உறுதி செய்ய நினைக்காதீர்கள். மறைவுச் சாளரத்தில் திறந்தாலும் நீங்கள் இருக்கும் நாட்டின் நிலைதான் தெரியும். க்ளெய்ம் விவரப் பக்கத்தில் இருக்கும் நாடுகளின் பட்டியலைப் படியுங்கள். நிறைய வீடியோக்களை நிரல்வழி கவனிப்பவர்கள் யூடியூப் தரவு ஏபிஐயில் இந்த இரண்டு புலங்களையும் பார்க்கலாம்:

```
contentDetails.regionRestriction.blocked
status.rejectionReason
```

முதலாவதில் தடைபட்ட நாடுகளின் இரண்டெழுத்துக் குறிகள் வரும். இரண்டாவது, வீடியோ நிராகரிக்கப்பட்டிருந்தால் மட்டும் வரும். அதில் `claim` என்றிருப்பதும் `copyright` என்றிருப்பதும் வெவ்வேறு காரணங்கள்.

அறிகுறி 3: நடுவில் சத்தம் இல்லை

இங்கே நிதானம் தேவை. மியூட் ஆனது என்று புகார் வந்த வீடியோக்களில், எடிட்டிங்கில் ஒரு டிராக் அணைந்துகிடந்ததால் சத்தம் போனதும் உண்டு. காப்பிரைட் மேல் பழி போடும் முன் உங்களிடம் உள்ள மூலக் கோப்பைச் சோதியுங்கள்:

```
ffmpeg -i master.mp4 -af silencedetect=noise=-50dB:d=2 -f null -
```

இரண்டு வினாடிக்கு மேல் மௌனமாக இருக்கும் இடங்களை `silence_start`, `silence_end` என்று வினாடிக் கணக்கில் இது காட்டும். புகார் வந்த இடம் அந்தப் பட்டியலில் இருந்தால் தவறு உங்கள் ஏற்றுமதியில் இருக்கிறது. மூலக் கோப்பில் சத்தம் இருந்து, தளத்தில் இல்லை என்றால்தான் தளம் மியூட் செய்திருக்கிறது என்று பொருள்.

ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் பாட்டு வரும் பகுதி மட்டும் மியூட் ஆவது வழக்கமான விளைவு. அங்கே இன்னொரு பொறி உண்டு. செயலிக்குள் கிடைக்கும் பிரபலப் பாடல்கள் தனிநபர் கணக்குக்கானவை. வணிகக் கணக்குக்கு அந்த நூலகத்தில் சிறு பங்குதான் திறந்திருக்கும். தனிக் கணக்கில் பாட்டோடு செய்த வீடியோவைக் கோப்பாக இறக்கி, வணிகக் கணக்கில் ஷெட்யூல் செய்தால் மியூட் வருவதில் ஆச்சரியம் இல்லை. மெட்டாவின் சவுண்ட் கலெக்ஷன் இசை மெட்டா தளங்களுக்காகக் கொடுக்கப்பட்டது. அதே வீடியோவை யூடியூப்பிலும் போடுகிறீர்கள் என்றால் அந்த அனுமதி கூடவே வராது. எதிர்த்திசையிலும் அப்படியே யோசியுங்கள்.

இரண்டு தளத்துக்கும் போகும் வீடியோவில் ஒன்றுக்கு மட்டும் இசையில்லாத பிரதி வேண்டுமென்றால், படத்தை மறுபடி என்கோடு செய்யாமல் அந்தப் பகுதியின் ஒலியை மட்டும் நிறுத்தலாம். கீழே உள்ளது 134ஆம் வினாடியிலிருந்து 171 வரை:

```
ffmpeg -i master.mp4 -af "volume=enable='between(t,134,171)':volume=0" -c:v copy muted.mp4
```

பேச்சும் சேர்ந்தே போகும். அதனால் எடிட்டிங் புராஜெக்டில் இசை டிராக்கை மட்டும் அணைத்து மறுபடி ஏற்றுமதி செய்ய நேரம் இருந்தால் அதுவே மேல்.

அறிகுறி 4: உரிமம் வாங்கிய இசைக்கே க்ளெய்ம்

இதுதான் அதிகம் எரிச்சலூட்டும் ரகம். எனக்கு நடந்ததையே சொல்கிறேன்.

வீடியோ 12 நிமிடம் 40 வினாடி. செவ்வாய் ஏற்றி, வெள்ளி மாலை 6 மணிக்கு ஷெட்யூல் செய்தேன். புதன்கிழமை க்ளெய்ம் வந்திருக்கிறது, நான் பார்த்தது வியாழன் இரவு 9 மணிக்கு. 2:14 முதல் 2:51 வரை ஒலிக்கும் பின்னணி இசைக்கு ஒரு விநியோக நிறுவனம் உரிமை கோரியிருந்தது. விளைவு வருமானம் மட்டும், எந்த நாட்டிலும் தடை இல்லை. அந்த இசையை ஒரு இசை நூலகத்தில் சந்தா கட்டி எடுத்திருந்தேன், உரிமச் சான்றும் இருந்தது.

இப்படி நடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் எளியது. இசையமைப்பாளர் ஒரே துண்டை நூலகத்திடமும் கொடுத்திருப்பார், விநியோகஸ்தரிடமும் கொடுத்திருப்பார். விநியோகஸ்தர் அதைக் கன்டென்ட் ஐடியில் சேர்த்துவிடுவார். கணினிக்கு உங்கள் சான்றிதழ் தெரியாது, ஒலி ஒத்துப்போவது மட்டும்தான் தெரியும்.

இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, நூலகத்திடம் சொல்லி அவர்கள் மூலம் க்ளெய்மை விடுவிக்கச் செய்வது. மற்றது, நானே Dispute, அதாவது எதிர்ப்பு, கொடுப்பது. நூலக வழி சுமுகமானது, அதனால் அவர்களுக்கு எழுதினேன். வீடியோ இணைப்பை அனுப்பச் சொன்னார்கள். ஷெட்யூல் செய்த வீடியோ வெளியாகும்வரை பிரைவேட், அவர்களுக்குத் திறக்கவில்லை. உடனே திறக்கும்படி அன்லிஸ்டட் ஆக்கி அனுப்பினேன். அவ்வளவுதான். ஷெட்யூலும் அன்லிஸ்டடும் ஒரே அமைப்பின் இரண்டு தேர்வுகள். ஒன்றைத் தொட்டால் மற்றது போய்விடும். குறித்த நேரம் அழிந்தது எனக்கு உறைக்கவில்லை. வெள்ளி மாலை 6 மணிக்கு ஒன்றும் வெளியாகவில்லை. ஒன்றே கால் மணி நேரம் கழித்து ஒருவர் கேட்டபோதுதான் கையால் பப்ளிக் ஆக்கினேன். க்ளெய்மால் வந்த சேதத்தைவிட அவசரத்தில் நான் செய்த சேதம் பெரிது. இணைப்பு கேட்டால், பிரைவேட் நிலையிலேயே குறிப்பிட்ட மின்னஞ்சல் முகவரிக்குப் பகிரும் வசதியைப் பயன்படுத்துங்கள். பல சமயம் வீடியோவின் ஐடி மட்டுமே அவர்களுக்குப் போதும்.

நூலகத்துக்கு எழுதிய அதே வியாழன் இரவே Dispute கொடுத்தும் வைத்தேன். அதற்குக் காரணம் 5 நாள் கணக்கு. க்ளெய்ம் வந்த 5 நாட்களுக்குள் எதிர்ப்பு கொடுத்தால், க்ளெய்ம் வந்த முதல் நாளிலிருந்தே வருமானம் யாருக்கும் போகாமல் நிறுத்திவைக்கப்படும், வென்றவருக்குக் கிடைக்கும். அதற்குப் பிறகு கொடுத்தால் கொடுத்த நாளிலிருந்துதான். வீடியோவின் முதல் சில நாட்களிலேயே பாதி பார்வை வந்துவிடும் சேனலுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

எதிர்ப்பில் காரணம் என்று உரிமம் என்பதைத் தேர்ந்தெடுத்து, நூலகத்தின் பெயர், உரிம எண், எடுத்த தேதி, இந்தச் சேனலில் பயன்படுத்தலாம் என்று சொல்லும் வரி, இவற்றை மட்டும் எழுதுங்கள். கோபம் வேண்டாம், எதிரில் படிப்பவர் நூறு கடிதம் படிப்பவர். "பாடகருக்கு நன்றி போட்டிருக்கிறேன்", "பத்து வினாடிதான்", "நான் சம்பாதிக்கவில்லை" என்பவை காரணமே ஆகாது. சான்றில் இருக்கும் சேனல் பெயரும் இப்போதைய பெயரும் ஒன்றா என்றும் பாருங்கள். என்னுடையதில் பழைய பெயர் இருந்தது. நூலகக் கணக்கில் சேனல் முகவரியைப் புதுப்பித்துச் சான்றை மறுபடி இறக்க வேண்டியிருந்தது.

எதிர்த்தரப்புக்கு 30 நாள் அவகாசம். பதில் சொல்லாமல் விட்டால் க்ளெய்ம் தானாக விழும். மறுத்தால் நீங்கள் மேல்முறையீடு செய்யலாம், அதற்கு அவர்களுக்கு 7 நாள். அங்கும் மறுப்பவர் டேக்டவுன் கோரலாம், அது செல்லுபடியானால் ஸ்ட்ரைக். அதனால்தான் சொல்கிறேன்: எழுத்தில் உரிமம் கையில் இல்லாமல் மேல்முறையீடு வரை போக வேண்டாம்.

அறிகுறி 5: வீடியோவையே காணோம், அல்லது போகப்போகிறது என்று மின்னஞ்சல்

வந்திருப்பது இரண்டில் எது என்று பாருங்கள். நீக்கம் 7 நாள் கழித்து நடக்கும் என்ற முன்னறிவிப்பாக இருந்தால், அந்த 7 நாளுக்குள் நீங்களே வீடியோவை அழித்துவிட்டால் ஸ்ட்ரைக் விழாது. முதலில் அழிக்காதீர்கள் என்றேன் அல்லவா, அதற்கு விலக்கு இதுதான். ஏற்கெனவே நீக்கப்பட்டு ஸ்ட்ரைக் விழுந்துவிட்டது என்றால் அழிப்பதால் ஸ்ட்ரைக் போகாது.

விழுந்த ஸ்ட்ரைக்குக்கு மூன்று வழி. காப்பிரைட் ஸ்கூல் என்ற யூடியூப் பயிற்சியை முடித்து 90 நாள் காத்திருக்கலாம். கோரியவரைத் தொடர்புகொண்டு திரும்பப்பெறக் கேட்கலாம். நீக்கம் தவறு என்று உறுதியாகத் தெரிந்தால் எதிர் அறிவிப்பு கொடுக்கலாம். எதிர் அறிவிப்பு சட்ட ஆவணம். உங்கள் பெயரும் முகவரியும் கோரியவருக்குப் போகும். வழக்கு தொடுத்ததற்கான சான்றைக் காட்ட அவருக்கு 10 வேலைநாள் உண்டு. 90 நாளில் மூன்று ஸ்ட்ரைக் சேர்ந்தால் சேனலே முடிவுக்கு வரலாம். அதனால் ஸ்ட்ரைக் விழுந்த அன்று முதல் வேலை, வரிசையில் காத்திருக்கும் மற்ற ஷெட்யூல் வீடியோக்களில் அதே இசை இருக்கிறதா என்று பார்ப்பது. அதே முகப்பு இசையைப் பத்து வீடியோவில் போட்டுவைத்து, வாரம் ஒன்றாக வெளியாக விட்டிருப்பவர்களுக்கு இதுதான் உண்மையான ஆபத்து. தெளிவாகும்வரை அவற்றின் நேரத்தை எடுத்துவிடுங்கள்.

பதிவேடு

க்ளெய்ம் விடுவிக்கப்பட்டதும் ஸ்டுடியோவில் அந்தக் குறி மறைந்துவிடும். மூன்று மாதம் கழித்து அதே விநியோகஸ்தர் அதே இசைக்கு இன்னொரு வீடியோவில் வரும்போது, போன முறை எப்படி முடிந்தது என்று காட்ட ஒன்றும் இருக்காது. எனவே பதிவேடு வேண்டும், ஒரு சாதாரண விரிதாள் போதும். முக்கியமான விதி: ஒரு வீடியோவுக்கு ஒரு வரி என்று போடாதீர்கள். ஒரு நிகழ்வுக்கு ஒரு வரி போடுங்கள். க்ளெய்ம் வந்தது ஒரு வரி, எதிர்ப்பு கொடுத்தது ஒரு வரி, விடுவித்தது ஒரு வரி. பழைய வரியைத் திருத்தி நிலையை மாற்றினால், எப்போது என்ன தெரிந்திருந்தது என்பது அழிந்துவிடும்.

என் வெள்ளிக்கிழமை வீடியோ, ஏட்டில் இப்படி இருந்திருக்க வேண்டும்:

```
தேதி,வீடியோ,நிகழ்வு,பகுதி,விளைவு,ஷெட்யூல்,கெடு
2025-03-12,V-031,க்ளெய்ம் வந்தது,2:14-2:51,வருமானம்,03-14 18:00,03-17
2025-03-13,V-031,எதிர்ப்பு கொடுத்தது,2:14-2:51,வருமானம்,03-14 18:00,04-12
2025-03-13,V-031,அன்லிஸ்டட் ஆக்கியது,,,நேரம் போய்விட்டது,
```

மூன்றாவது வரியை அன்று எழுதியிருந்தால், ஷெட்யூல் பத்தியை நிரப்பும்போதே கை நின்றிருக்கும். வெளியீட்டைத் தொடும் எந்த மாற்றத்துக்கும் அந்தப் பத்தியை ஸ்டுடியோவில் பார்த்துவிட்டு நிரப்புவது என்று இப்போது வைத்திருக்கிறேன்.

இவற்றோடு உரிமை கோருபவரின் பெயர், பாட்டின் பெயர், இசை எங்கிருந்து எடுத்தது, உரிம எண், திரைப்பிடிப்பின் கோப்புப் பெயர் ஆகியவற்றுக்கும் பத்தி வேண்டும். உரிமை கோருபவரின் பெயரைத் திரையில் இருக்கும் எழுத்துகளிலேயே ஒட்டுங்கள், உங்கள் நினைவுப்படி எழுதாதீர்கள். பின்னால் தேடும்போது ஓர் எழுத்து மாறினாலும் கிடைக்காது. வந்த தேதியும் நீங்கள் பார்த்த தேதியும் வேறு என்றால் வந்த தேதியையே எழுதுங்கள், கெடு அதிலிருந்துதான் ஓடுகிறது. மின்னஞ்சலில் இருக்கும் நேரமும் ஸ்டுடியோவில் காட்டும் நேரமும் வெவ்வேறு நேர மண்டலத்தில் இருக்கக்கூடும். ஏடு முழுவதற்கும் ஒரே மண்டலத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

விவரப் பக்கத்தை எதையும் தொடும் முன்பே படம் பிடியுங்கள். உரிமச் சான்றின் கோப்பையும் அதே கோப்புறையில் போடுங்கள். சந்தா முடிந்தபின் நூலகக் கணக்கில் நுழைந்து பழைய சான்றைத் தேட முடியும் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

கெடு பத்தியை வரிசைப்படுத்தி வாரம் ஒருமுறை பாருங்கள். வெளியீட்டுக்கு முந்தைய இரவும், வெளியீடு நடக்கும் நாளின் காலையிலும் Restrictions பத்தியைத் திறந்துபார்த்து, ஒன்றும் இல்லை என்றால் "ஒன்றும் இல்லை" என்றே ஒரு வரி போடுங்கள். பின்னால் க்ளெய்ம் வரும்போது, அது எந்த இரண்டு வரிகளுக்கு நடுவே வந்தது என்று அந்த வரிதான் சொல்லும்.